ஒன்பதாம் நாளுக்கு ஒரு பதில்

இரகுநாதன் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்குப் பதுளை நகரத்துக்கு வருவார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை, சட்டைப் பையில் பேனா. மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி இரண்டு கடை தள்ளி காமிலா நடத்தும் கொமியூனிகேஷன் கடையில் மூன்றாவது கம்ப்யூட்டர் அவருக்கென்று ஒதுக்கப்பட்டது போல வெறுமையாக இருக்கும். டொரன்டோவில் இருக்கும் மகள் பிரசாந்தினி பேஸ்புக்கில் போடும் படங்களைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. பார்த்துவிட்டு, படத்தில் யாருடைய உடுப்பு சரியில்லை என்பதைக் காமிலாவிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. பேஸ்புக் அப்போதுதான் ஊவா மலைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அன்று பேரப்பிள்ளையின் படத்துக்கு மேலே வீரய்யாவின் பெயர் நின்றது. நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருடம் இரகுநாதன் பெரிய கிளாக்கர், வீரய்யா தேயிலை ஃபெக்டரியைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர். ஒருவர் யாழ்ப்பாணத்துப் பிட்டும் மற்றவர் தோட்ட லயத்து ரொட்டியும் கொண்டுவந்து ஒரே மேசையில் மாற்றிச் சாப்பிட்டவர்கள். பிரசாந்தினி அவரைச் சித்தப்பா என்றே கூப்பிடுவாள். இப்போது ஓய்வு பெற்று ஹாலிஎலவில் வீடு கட்டி இருக்கிறார். அந்த வீரய்யா எழுதியிருந்தார்:

“இன்று ஒன்பதாவது நாள். சிகரெட் தொடவில்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். முதல் மூன்று நாளும் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன், லெட்சுமி மன்னிக்க வேண்டும். இன்று காலை பக்கத்துத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாடுகிற வாசம் என் வீட்டு வாசல்வரை வந்தது. இத்தனை வருஷம் டீமேக்கராக இருந்தேன், இது இவ்வளவு இனிப்பு என்று இன்றுதான் தெரிந்தது. நாலு பேருக்குத் தெரிந்தால் கைவிட மாட்டேன் என்று நினைத்து இங்கே எழுதுகிறேன்.”

இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மனைவியிடம் எரிந்து விழுந்ததை டொரன்டோவும் லண்டனும் பார்க்க எழுதுவதா? ஒரு குடும்பத்துச் சங்கதி வீட்டுக் கதவைத் தாண்டக்கூடாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஆனாலும் எழுதியாகிவிட்டது. எழுதியவர் தம்பி முறையானவர். மூத்தவர் ஒருவர் முறையாக ஒரு பதில் எழுதினால்தான் அதற்கு ஒரு மரியாதை கிடைக்கும்.

“பிள்ளை, நான் சொல்லச் சொல்ல அடியும்,” என்றார்.

காமிலாவுக்கு நாற்பது வயதுக்கு மேல். நகரத்தில் பாதிப் பேரின் விண்ணப்பங்களை அடித்துக் கொடுத்த கை. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். இரகுநாதன் எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இருபத்தாறு வருடம் சொன்னது போலவே சொன்னார். பழைய கடிதங்களைச் சுட்டிக்காட்டாமல் எந்தக் கடிதத்தையும் அவர் தொடங்கியதில்லை. அதுதான் பெரிய கிளாக்கருக்கு அழகு.

“வீரய்யா அவர்கட்கு. விடயம்: புகைத்தலை நிறுத்துதல். 1994, 2001, 2006 ஆகிய ஆண்டுகளில் தங்களால் எடுக்கப்பட்ட இதேபோன்ற முடிவுகளையும் தங்கள் இன்றைய பதிவையும் ஒட்டி இது எழுதப்படுகிறது. தங்கள் முயற்சி வரவேற்கத்தக்கது. புகைத்தல் நுரையீரலையும் இதயத்தையும் பாதிக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு குடும்பத் தலைவர் இதை முன்னரே செய்திருக்கலாம். எனினும் இம்முறையாவது தாங்கள் முடிவில் நிலைத்திருப்பீர்கள் என எதிர்பார்க்கப்படுகிறது. இ. இரகுநாதன்.”

காமிலாவின் விரல்கள் நடுவில் ஒருதரம் நின்றன. “சேர், இந்த வருஷமெல்லாம் போடணுமா?”

“ஏன், பிழையோ? எனக்கு நல்ல ஞாபகம். தொண்ணூற்றி நாலில கோயில்ல சத்தியம் பண்ணினவர். பதினேழு நாள்.”

“பிழை இல்ல சேர். சும்மா கேட்டேன்,” என்று அவள் அடித்து முடித்தாள். பொத்தானை அழுத்தியதும் கடிதம் வீரய்யாவின் பதிவுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. இரகுநாதன் அதை இரண்டு தரம் வாசித்தார். ஒரு கமா கூட இடம் தவறவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டு டெலிபோன் அடித்தது. மனைவி லீலாதேவி எடுத்தாள். “ஓம் மோனை… ஓம்… அவரே எழுதினவர்?” என்று கேட்டுவிட்டு, ரிசீவரைப் பொத்தியபடி திரும்பினாள். “இஞ்சருங்கோ, பிரசாந்தினி. அங்க விடிஞ்சும் விடியாமல் எழும்பி எடுக்கிறாள். சித்தப்பாவுக்கு என்ன எழுதினனீங்கள்?”

“வாழ்த்து எழுதினனான்.”

“அதை வாசிச்சிட்டு ஊரே சிரிக்குதாம்.”

விபரம் மெதுவாக வந்தது. டோஹாவில் இருக்கும் வீரய்யாவின் மருமகன் ஜெயகுமார் கீழே எழுதியிருந்தானாம்: “அப்போ இது நாலாவது தடவையா மாமா? ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விருந்து வச்சிருக்கணுமே!” பழைய ஸ்டோர்கீப்பர் தம்பையா எழுதியிருந்தாராம்: “பெரிய கிளாக்கரய்யா ஃபைலைத் தூக்கிட்டாரு, ஓடுங்க!” அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். வாழ்த்தியவர் ஒருவரும் இல்லை.

“சித்தப்பா ஒரு பதிலும் போடேல்லையாம். அதுதான் அவளுக்குப் பயமாம்,” என்றாள் லீலாதேவி.

டெலிபோனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. இந்தத் தரம் இரகுநாதனே எடுத்தார். வீரய்யாவின் மனைவி பாக்கியலெட்சுமி.

“ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க மக தனுஜா கம்ப்யூட்டர்ல காட்டுனா, இவரு படிச்சாரு. ஒரு வார்த்த பேசல. சட்டைய மாட்டிக்கிட்டு சந்திக்குப் போயிட்டாருங்க. ஒம்பது நாளா அந்தச் சந்திப் பக்கமே போகாம, சுத்தி ரயில் ரோட்டு வழியா நடந்தவருங்க. கடை அங்கதானே இருக்கு…”

இரகுநாதன் “நான் வாறன்” என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் தம் கடிதத்தை மனதில் மறுபடி வாசித்தார். ஒவ்வொரு வரியும் சரி. ஆண்டுகள் சரி. நுரையீரல் சரி. எங்கே பிழை? ஹாலிஎல வரும்வரை அவருக்குப் பிடிபடவில்லை.

சந்திக் கடைக்கு எதிரே பஸ் தரிப்பிடத்துப் பலகையில் வீரய்யா உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாரம், மேலே வெள்ளைச் சட்டை. விரல்களுக்கு நடுவே உதிரியாக வாங்கிய ஒரு சிகரெட். பற்றவைக்கப்படவில்லை. இரகுநாதனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு வேண்டுமென்றே உட்கார்ந்துகொண்டார்.

“வாங்கய்யா. நாலாவது தடவையையும் ஃபைல்ல போட்டுக்கத்தான் வந்தீங்களா?”

“நான் எழுதினதில ஒரு பிழை காட்டும் பாப்பம். ஆண்டு பிழையோ?”

“ஆண்டெல்லாம் சரிங்க. ஒண்ணுகூட பெசகல. அதாங்க பெசகு.”

இரகுநாதன் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தார். நடுவில் குடையை வைத்தார்.

“அந்த மூணு தடவையையும் நான் மறந்திருப்பேன்னு நெனச்சீங்களா?” வீரய்யா சாலையைப் பார்த்தே பேசினார். “கை பைக்குள்ள போறப்போ மொதல்ல ஞாபகம் வர்றதே அதுதாங்க. ‘எப்படியும் தோக்கத்தானே போற, இப்பவே பத்தவையேன்’னு உள்ளுக்குள்ள ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கான். அவன் சொல்றதையே நீங்களும் எழுதிட்டீங்க. அவனாவது எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னான்.”

“வரவேற்கத்தக்கது எண்டும் எழுதினனான்தானே.”

“ஏங்க, எனக்கு இன்கிரிமென்ட் லெட்டரா குடுக்கிறீங்க?”

எதிர்க்கடையில் சில்லறை மாற்றிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். வீரய்யாவுக்குக் குரல் ஏறிவிட்டது. சிகரெட் பிடித்த கையாலேயே காற்றைக் குத்தினார்.

“நுரையீரல் பாதிக்குமாம்! பெட்டியிலேயே அச்சடிச்சிருக்குங்க அது. முப்பத்திரண்டு வருசமா அந்தப் பெட்டியப் படிச்சவன் நானு. குடும்பத் தலைவராம், முன்னமே செஞ்சிருக்கலாமாம். முன்னமே செஞ்சிருந்தா நான் ஏங்க இப்ப ஒம்பது நாளு எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்? ஒரு எடத்துல, ஒரே ஒரு எடத்துல, ‘வீரய்யா, ஒம்பது நாள் எப்படிய்யா இருந்த’ன்னு கேட்டீங்களா?”

இரகுநாதனின் தொண்டையில் ஒரு பதில் தயாராக நின்றது. மூத்தவர் சொன்னால் நன்மைக்கே என்று தொடங்கும் பதில். அதை விழுங்கினார். விழுங்குவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம், கண்ணில் நீர் முட்டியது.

“சரி,” என்றார். “எப்பிடி இருந்தனீர்?”

வீரய்யா அதை எதிர்பார்க்கவில்லை. சாலையிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

“மொத மூணு நாளும் தலைக்குள்ள யாரோ மிஷின் ஓட்டுற மாதிரிங்க. தூக்கம் இல்ல. லெட்சுமி சோத்துல உப்பு கூடன்னு தட்டத் தள்ளுனேன். உப்பு சரியாத்தான் இருந்திச்சு. நாக்குதான் மாறியிருந்திச்சு. அஞ்சாவது நாள்ல இருந்து இருமல். ஆனா பரவாயில்லங்க, பகல்ல மறந்துடுறேன். தேத்தண்ணி நேரந்தான். கோப்பையக் கீழ வச்ச ஒடனே வரும் பாருங்க, ஒரு அஞ்சு நிமிசம். மலையாட்டம் முன்னால நிக்கும். ஒண்ணும் செய்யாம இருந்தா தானா எறங்கிப் போயிடும். அந்த அஞ்சு நிமிசத்துக்கு ஒரு ஆளு வேணுங்க. புத்தி சொல்ற ஆளு இல்ல. சும்மா ஒரு ஆளு.”

பதுளை பஸ் ஒன்று வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை. கண்டக்டர் திட்டிவிட்டுப் போனான்.

“உம்மட பேஸ்புக் பக்கம்தானே அது,” என்றார் இரகுநாதன். “தனுஜாட்டைச் சொல்லி நான் எழுதினதை அழிச்சிருக்கலாமே?”

“பெரியய்யா எழுதுனத நான் அழிக்கிறதா?” வீரய்யா உண்மையாகவே திடுக்கிட்டார். “நல்லாருக்கே கதை! ஒங்க கையெழுத்தப் பாத்தாலே எந்திரிச்சு நின்னவங்க நாங்க.”

இதுதான் இரகுநாதனை உள்ளே போய்த் தைத்தது. நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்த பிறகும், இந்த மனிதன் பெரிய கிளாக்கரின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு அந்தக் கடிதத்தைச் சுமந்திருக்கிறான்.

“அட!” என்றார் வீரய்யா திடீரென்று. மடியைப் பார்த்தார். காற்றைக் குத்திய குத்தில் சிகரெட் நடுவில் முறிந்து, தூள் சாரமெல்லாம் கொட்டிக் கிடந்தது. தட்டி விட்டார். முறிந்த துண்டுகளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். “எறங்கிடுச்சுங்க! ஒங்களோட சண்ட புடிச்சதுல அது எப்ப எறங்கிச்சுன்னே தெரியல!”

இரகுநாதனும் சிரித்தார். பொது இடத்தில் சத்தமாகச் சிரிப்பது அவருக்குப் பிடிக்காது, அன்று சிரித்தார். அடுத்த பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

காமிலா மஃரிப் தொழுகைக்கு முன் கடையை மூட ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். இரகுநாதன் படியேறியதைப் பார்த்து மூன்றாவது கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள்.

“பிள்ளை, காலமை எழுதினதைத் திருத்த ஏலுமோ?”

“திருத்த ஏலாது சேர். அழிக்கலாம். அழிச்சிட்டு புதுசா ஒண்ணு போடலாம். ஆனா கீழ சிரிச்சவங்க எழுதினது அப்படியே நிக்கும்.”

அவர் தம் வாழ்நாளில் கையொப்பமிட்டு அனுப்பிய கடிதம் ஒன்றைத் திரும்பப் பெற்றதில்லை. கண்காணிமாரும் துரைமாரும் கேட்டும் பெற்றதில்லை. “நிக்கட்டும்,” என்றார். “என்ரதை அழிச்சுவிடும்.”

அழிந்தது. அந்த இடம் வெறுமையானது. இப்போது புதிதாக எழுத வேண்டும், அதுதான் மலை.

“மன உறுதியோடு இருந்தால் நிச்சயம் வெல்லலாம்,” என்று தொடங்கினார்.

காமிலா அடிக்கவில்லை. “இருந்தால்னு சொன்னா, இப்ப இல்லைன்னு ஆகுதே சேர்.”

“சரி. கடைசியில் விட்டுவிட்டீர், மகிழ்ச்சி.”

“கடைசியிலன்னா, இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்கன்னு கேக்கிற மாதிரி.”

இரகுநாதன் குடையால் தரையைத் தட்டினார். “அப்ப இப்பிடிப் போடும். நீர் இனி ஒருபோதும் சிகரெட்டைத் தொட மாட்டீர் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இதில என்ன குறை?”

காமிலா யோசித்தாள். “நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா எங்கட வீட்டுக்காரரு, இத்ரூஸ், ஒருக்கா விட்டாரு. எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்க. ஒரு நாள் ஒண்ணு குடிச்சிட்டாரு. இவ்வளவு சொன்னவங்கட முகத்தைப் பாக்க வெக்கப்பட்டு ஒளிச்சிட்டாரு. ஒளிக்கத் தொடங்கினதும் பழையபடி ஒரு பெட்டி. இப்ப விட்டு மூணு வருஷம், அது வேற கதை.”

இரகுநாதன் கதிரையில் உட்கார்ந்தார். காலையில் நின்றபடி சொன்னவர், இப்போது வீரய்யாவின் பதிவை முதல் தரம் வாசிப்பது போல வரிவரியாக வாசித்தார். வாசித்ததைப் பார்த்தே சொன்னார். இந்தத் தரம் காமிலாவின் விரல்கள் ஓர் இடத்திலும் நிற்கவில்லை:

“வீரய்யா, ஒன்பது நாள் சின்னக் காரியம் அல்ல. முதல் மூன்று நாளும் எப்படிப் போயிருக்கும் என்று இன்று உம்மிடம் கேட்டுத்தான் அறிந்தேன். கொழுந்து வாடும் வாசத்தைப் பற்றி நீர் எழுதியதை வாசிக்க எனக்கும் ஃபெக்டரி மாடி ஞாபகம் வந்தது. தேத்தண்ணி நேரம்தான் கடினம் என்றீர். நாளை தொடங்கித் தினமும் நாலரைக்கு டெலிபோனில் கோல் எடுப்பேன். சிகரெட்டைப் பற்றிக் கேட்க மாட்டேன். நீர் சொன்னால் கேட்பேன். காலையில் நான் எழுதியதை அழித்துவிட்டேன். அது பிழை. இரகுநாதன்.”

“கடைசி வரி வேணுமா சேர்?” என்றாள் காமிலா மெதுவாக. “உங்கட மகளும் பாப்பாங்க.”

“பாக்கட்டும்,” என்றார் அவர். “பிழையை நாலு பேருக்கு முன்னால செய்தனான். திருத்திறதையும் அங்கதான் செய்ய வேணும். அதுதான் குடும்பத்துக்கு மரியாதை.”

கடையைப் பூட்டுவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. “அப்பா, இது நீங்கள்தானோ?” என்று பிரசாந்தினி. “மன்னிச்சுக்கங்க மாமா, ஒன்பது நாள் பெரிய விஷயம்” என்று ஜெயகுமார். தம்பையா தன் சிரிப்பை அழித்துவிட்டு வாழ்த்துப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே வீரய்யா: “நாலரைக்கு வேணாங்க ஐயா. எங்க வீட்டுல அஞ்சு மணிக்குத்தான் தேத்தண்ணி. அஞ்சே காலுக்கு எடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே காலுக்கு எடுத்தார். கொழும்பு ரயில் ஏன் எப்போதும் பிந்துகிறது என்பதில் இருவருக்கும் சண்டை. திங்கட்கிழமை வீரய்யா தம் காய்கறிப் பாத்தியில் லீக்ஸ் நடுவது பற்றி. டீமேக்கருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்றார் இவர். கிளாக்கருக்கு மையைத் தவிர என்ன தெரியும் என்றார் அவர். செவ்வாய்க்கிழமை வீரய்யா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் சிகரெட்டைப் பற்றிய அந்தக் கேள்வி இரகுநாதனின் நாக்கு நுனிவரை வரும். லீலாதேவி எதிரே உட்கார்ந்து விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். அவர் கேட்கவில்லை.

புதன்கிழமை வீரய்யாவின் குரல் இறங்கியிருந்தது.

“ஐயா… நேத்து கல்யாண வீட்டுல ஒண்ணு இழுத்துட்டேங்க. பாதி.”

இரகுநாதனுக்குள் பெரிய கிளாக்கர் முழு உயரத்துக்கு எழுந்து நின்றார். விடயம், ஆண்டு, இலக்கம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“மற்றப் பாதி?”

“தண்ணிக் கான்ல போட்டேன். லெட்சுமிக்கும் இன்னும் சொல்லல. ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.” மூச்சுவிடும் சத்தம் கேட்டது. “போச்சுங்களா? இனி ஒண்ணுல இருந்து எண்ணணுமா?”

“பன்னிரண்டு நாளும் நீர் இருந்த நாள். அதை ஆர் அழிக்க ஏலும்?” என்றார் இரகுநாதன். “இண்டைக்குப் பதின்மூண்டு. நான் சொல்லுறன். ஆரும் கேட்டால் பெரிய கிளாக்கர் சொன்னதெண்டு சொல்லும்.”

அந்தப் பக்கம் ஒரு கோப்பை கீழே வைக்கப்படும் ஒலி.

“இப்ப வந்து நிக்குதுங்க,” என்றார் வீரய்யா. “அஞ்சு நிமிசம் எதையாவது பேசுங்க.”

“பேசுறன்,” என்று இரகுநாதன் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். “உம்மட லீக்ஸ் பாத்தியைப் பற்றி எனக்கு இன்னும் நாலு குறை சொல்ல இருக்கு.”